ஊர் திரும்பிய தேதிக்கு இரண்டு கணக்கு

வளைகுடாவில் பதினைந்து வருஷம் உழைத்துவிட்டு ஊரோடு வந்து சேருகிறவர்கள் முதல் ஆறு மாதத்தில் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்றுவார்கள், உறவுக்காரர்களின் விசேஷங்களுக்குப் போய்வருவார்கள். வங்கிப் பக்கம் மட்டும் போக மாட்டார்கள். கணக்கில் பணம் இருக்கிறது, ஏடிஎம் அட்டை வேலை செய்கிறது, டெபாசிட்டுக்கு வட்டி ஏறுகிறது. பிறகு என்ன அவசரம் என்ற நினைப்புதான். ஆனால் அந்தக் கணக்கு எந்தத் தகுதியில் திறக்கப்பட்டதோ அந்தத் தகுதி, விமானத்தைவிட்டு இறங்கிய அன்றைக்கே போயிருக்கக்கூடும்.

இந்தக் குழப்பத்துக்கு வேர், ஒரே மனிதரை இரண்டு சட்டங்கள் இரண்டு விதமாகப் பார்ப்பது. வங்கிக் கணக்குகளை ஆளுவது ஃபெமா எனப்படும் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். வரியை ஆளுவது வருமான வரிச் சட்டம். ‘இவர் வெளிநாட்டில் இருப்பவரா, உள்நாட்டில் இருப்பவரா?’ என்ற கேள்விக்கு இரண்டும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே நாளில் ஒருவர் ஃபெமாவின் கண்ணில் உள்நாட்டுக்காரராகவும், வருமான வரியின் கண்ணில் வெளிநாட்டுக்காரராகவும் இருக்க முடியும். ஊர் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களாவது இந்த இரட்டை நிலையில்தான் இருக்கிறார்கள்.

ஃபெமா முக்கியமாகப் பார்ப்பது உங்கள் நோக்கத்தை. வேலை பார்க்கவோ தொழில் செய்யவோ திரும்பி வந்தாலும், எவ்வளவு காலம் என்று வரையறை இல்லாமல் இங்கே தங்கும் எண்ணத்தோடு வந்தாலும், அன்றிலிருந்தே நீங்கள் உள்நாட்டுக்காரர். நாற்பது நாள் லீவில் வந்து டிக்கெட் தேதியில் திரும்பிப் போகிறவருக்கு இது பொருந்தாது. கேன்சலில் வந்தவருக்குப் பொருந்தும். விசாவை ரத்து செய்துவிட்டு, கம்பெனி கணக்கு முடித்து, சாமான்களைக் கார்கோவில் போட்டுவிட்டு வந்தவர், ‘அடுத்த வருஷம் கத்தார் பக்கம் பார்க்கலாம்’ என்று மனசுக்குள் நினைத்திருந்தாலும், காகிதங்கள் அவர் இங்கே தங்க வந்தவர் என்றுதான் சொல்லும்.

வருமான வரிச் சட்டம் நோக்கத்தைவிட நாட்களைத்தான் எண்ணுகிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான ஆண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால் நீங்கள் அந்த ஆண்டுக்கு உள்நாட்டுக்காரர். இன்னொரு விதியும் உண்டு. அந்த ஆண்டில் 60 நாள், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இங்கே இருந்திருந்தாலும் உள்நாட்டுக்காரர்தான். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்துபோகும் இந்தியக் குடிமக்களுக்கு இந்த 60 நாள் விதியில் சலுகை இருக்கிறது. ஒரேயடியாகத் திரும்பிவிட்டவருக்கு அந்தச் சலுகையை நம்பிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே வருஷத்துக்கு மூன்று, நான்கு மாதம் ஊருக்கு வந்து தங்கும் பழக்கம் உள்ளவர்கள் பழைய பாஸ்போர்ட்டின் முத்திரைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஓர் ஆளை வைத்துப் பார்த்தால் இது சுலபமாகப் புரியும். செல்வம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஷார்ஜாவில் ஏசி பராமரிப்பு சூப்பர்வைசர், அங்கே 14 வருஷம். கேன்சலில் வந்து இறங்கிய நாள் 2025 நவம்பர் 10. அதே ஆண்டு ஜூனில் 30 நாள் லீவில் வந்துபோயிருக்கிறார். அதற்கு முந்தைய வருஷங்களிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 நாள்தான். நவம்பர் 10 முதல் மார்ச் 31 வரை 142 நாள். ஜூன் மாத 30 நாளைச் சேர்த்தால் 172. இது 182-ஐத் தொடவில்லை, முந்தைய நான்கு ஆண்டுகளின் கூட்டலும் 120 நாளோடு நின்றுவிடுகிறது. எனவே 2025-26 நிதியாண்டுக்கு வருமான வரி அவரை வெளிநாட்டுக்காரர் என்றே வைத்துக்கொள்கிறது. ஃபெமாவுக்கோ அவர் நவம்பர் 10 முதல் உள்நாட்டுக்காரர்.

செல்வத்தின் பணம் நான்கு இடத்தில் கிடக்கிறது. முதலாவது என்ஆர்இ கணக்கு. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ரூபாயாக்கிப் போட்டுவைக்கும் கணக்கு இது. இதிலுள்ள பணத்தை எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம், வட்டிக்கு வரியும் இல்லை. அதில் அவருக்கு 6 லட்சம் சேமிப்பும், 2025 மே 10-இல் 7 சதவீத வட்டிக்கு இரண்டு வருஷம் போட்ட 25 லட்சம் டெபாசிட்டும் இருக்கின்றன. இரண்டாவது என்ஆர்ஓ கணக்கு. ஊரில் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் வருமானம் இதில் விழுகிறது. மூன்றாவது, டாலராகவே போட்டு டாலராகவே திரும்பக் கிடைக்கும் எஃப்சிஎன்ஆர் டெபாசிட், 20,000 டாலர். அது 2026 செப்டம்பரில் முதிர்கிறது. நான்காவது ஷார்ஜா வங்கிக் கணக்கு. பணிக்கொடையையும் கடைசிச் சம்பளத்தையும் சேர்த்து அதில் ஏறக்குறைய 90,000 திர்ஹாம் இருக்கிறது.

முதல் பொறி என்ஆர்இ வட்டியில் இருக்கிறது. ‘நான் இந்த வருஷம் வரிக் கணக்கில் என்ஆர்ஐதானே, என் என்ஆர்இ வட்டிக்கு மார்ச் வரை வரி கிடையாதே’ என்று செல்வம் நினைத்தால் தப்பு. அந்த வட்டிக்கான விலக்கை வருமான வரிச் சட்டம் தன்னுடைய நாள் கணக்கோடு கட்டிவைக்கவில்லை. ‘ஃபெமாவின்படி வெளிநாட்டில் இருப்பவர்’ என்பதோடு கட்டிவைத்திருக்கிறது. ஃபெமாவில் அவர் நவம்பர் 10-இல் நிலை மாறிவிட்டதால் அன்றோடு விலக்கும் முடிந்தது. 25 லட்சத்துக்கு 7 சதவீதத்தில் அந்த 142 நாளுக்கு ஏறக்குறைய 68,000 ரூபாய் வட்டி. அது 2025-26 கணக்கில் அவருடைய வருமானம். வாடகையோடு சேர்த்தாலும் புதிய வரி முறையின் 4 லட்சம் ரூபாய் வரம்புக்குள் அடங்குவதால் அவர் கைவிட்டு ஒன்றும் கட்ட வேண்டியிராது. ஆனால் டெபாசிட் 25 லட்சமாக இல்லாமல் ஒன்றரைக் கோடியாக இருந்தால் அதே 142 நாளின் வட்டி 4 லட்சத்தைத் தாண்டிவிடும். வங்கி உங்களை இன்னும் என்ஆர்ஐ என்றே நினைத்துக்கொண்டிருப்பதால் வட்டியில் ஒரு ரூபாயும் பிடித்திருக்காது. இரண்டு வருஷம் கழித்து வரித்துறையின் கடிதம் வரும்போது, அசலோடு அதற்கான வட்டியையும் சேர்த்துக் கட்ட நேரிடும்.

வரியைத் தவிர ஃபெமா மீறல் என்ற தனி விவகாரமும் உண்டு. உள்நாட்டுக்காரரான பிறகு என்ஆர்இ கணக்கை அப்படியே ஓட்டுவது அந்தச் சட்டத்துக்கு விரோதம். தொகையைக் கணக்கிட முடிகிற மீறலுக்கு அதைப்போல் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. தெரியாமல் விட்டுவிட்டவர்கள் ரிசர்வ் வங்கியிடம் தாங்களாக விண்ணப்பித்து, ஒரு தொகையைக் கட்டி, விவகாரத்தைத் தீர்த்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். அந்த அலைச்சலை ஒருநாள் கிளைக்குப் போய்வருவதில் தவிர்த்துவிடலாம்.

அப்படிப் போகும்போது என்ன சொல்கிறோம் என்பது முக்கியம். கவுன்டரில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

“சார், துபாய்ல இருந்து வந்துட்டேன். அக்கவுன்ட்ட மாத்தணும்.”

“லீவாண்ணே, கேன்சல்லயா?”

“கேன்சல்தான் சார். இனிமே இங்கதான்.”

“அப்ப சேவிங்ஸா மாத்திடலாம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

இந்தக் கடைசி வரியில் செல்வம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். என்ஆர்ஓ கணக்கைப் பொறுத்தவரை யோசிக்க எதுவும் இல்லை. அதை உள்நாட்டுக் கணக்காக மாற்றிவிட்டால் போதும். மாற்றாமல் விட்டால் அவருக்கே நஷ்டம். என்ஆர்ஓ வட்டியில் வங்கி 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடிக்கும். உள்நாட்டுக் கணக்காகிவிட்டால் டெபாசிட் வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம்தான். ஆனால் என்ஆர்இ பணத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. உள்நாட்டு ரூபாய்க் கணக்காக மாற்றலாம். அல்லது ஆர்எஃப்சி என்னும் கணக்குக்குக் கொண்டுபோகலாம். ஊர் திரும்பியவர்களுக்கென்றே உள்ள வெளிநாட்டு நாணயக் கணக்கு அது. கவுன்டரில் நீட்டப்படும் படிவத்தில் முதல் வழி மட்டும்தான் இருக்கும். இரண்டாவதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஆர்எஃப்சியில் பணம் டாலராகவோ பவுண்டாகவோ யூரோவாகவோ இருக்கும். சேமிப்பாகவும் வைக்கலாம், டெபாசிட்டாகவும் போடலாம். அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப வரம்பு கிடையாது. சாதாரண ரூபாய்க் கணக்கிலிருந்து அனுப்புவதென்றால் ஆண்டுக்கு 2,50,000 டாலர் என்ற உச்சவரம்பு உண்டு, 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பல காரணங்களுக்கு முன்கூட்டியே வரியும் பிடிப்பார்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஆர்எஃப்சிக்குள் என்ஆர்இ, எஃப்சிஎன்ஆர் பணமும், வெளிநாட்டில் இருந்தபோது சேர்த்ததைக் கொண்டுவரும் பணமும் போகலாம். ஒருமுறை சாதாரண சேமிப்புக் கணக்கில் கலந்துவிட்ட ரூபாயை, ‘இது அன்றைக்கு நான் துபாயில் சம்பாதித்ததுதான்’ என்று சொல்லித் திரும்ப ஆர்எஃப்சிக்குள் போட முடியாது. ஆற்று நீர் கடலில் கலந்த மாதிரிதான். எது டாலராகத் தொடர வேண்டும், எது ரூபாயாக வேண்டும் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும் என்பது அதனால்தான்.

எல்லாவற்றையும் ஆர்எஃப்சிக்குக் கொண்டுபோவதும் புத்திசாலித்தனம் இல்லை. என்ஆர்இ பணம் ஏற்கெனவே ரூபாயாக இருக்கிறது. அதைத் திரும்ப டாலராக்கினால் வங்கி விற்கும் விலைக்கு வாங்க வேண்டும், பிறகு செலவுக்கு ரூபாய் வேண்டுமென்றால் வங்கி வாங்கும் விலைக்கு விற்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் கையைக் கடிக்கும். டாலர் டெபாசிட்டின் வட்டியும் பெரும்பாலும் ரூபாய் வட்டியைவிடக் குறைவு. செல்வத்தின் 25 லட்சம் மகளின் கல்யாணத்துக்கென்று ஊரில் செலவாகப்போகிற பணம். அதோடு, அந்த டெபாசிட் போட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. என்ஆர்இ டெபாசிட்டை ஒரு வருஷத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது. உடைக்காமல் உள்நாட்டு டெபாசிட்டாக மாற்றச் சொன்னால், ஒப்புக்கொண்ட 7 சதவீதம் 2027 மே வரை அப்படியே தொடரும். அவர் செய்ய வேண்டியது அதைத்தான்.

எஃப்சிஎன்ஆர் விஷயத்தில் சட்டம் தாராளமாக இருக்கிறது. ஊர் திரும்பிவிட்டாலும் அந்த டெபாசிட்டை முதிர்வுத் தேதிவரை ஒப்புக்கொண்ட வட்டியோடு வைத்துக்கொள்ளலாம். முதிர்ந்ததும் ரூபாயாக்கலாம் அல்லது டாலராகவே ஆர்எஃப்சிக்கு மாற்றலாம். டாலரிலிருந்து டாலருக்குப் போவதால் மாற்று விலையில் நஷ்டம் இல்லை. செல்வம் 2026 செப்டம்பரில் 20,000 டாலரை அப்படியே ஆர்எஃப்சி டெபாசிட் ஆக்கினால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது.

ஊர் திரும்பியவரை வருமான வரிச் சட்டம் உடனே முழு உள்நாட்டுக்காரர் ஆக்குவதில்லை. நடுவில் ஆர்என்ஓஆர் என்ற ஓர் இடைநிலையை வைத்திருக்கிறது. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டுக்காரராக இருந்திருந்தாலும், முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த மொத்த நாள் 729-க்கு மேல் போகாமல் இருந்தாலும் அந்த நிலை கிடைக்கும். செல்வத்துக்கு 2026-27-இல் கிடைக்கிறது. 2027-28-இலும் கிடைக்கிறது. 2028-29-இல் எண்ணினால் பத்து ஆண்டில் எட்டுதான் வெளிநாட்டு ஆண்டு, ஏழாண்டு நாட்களும் ஆயிரத்தைத் தாண்டிவிடுகின்றன. ஆகவே அவருடைய கடைசிச் சலுகை நாள் 2028 மார்ச் 31. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தாலும் இந்த இடைநிலை தொடர்கிறது.

அந்த நாள் வரை வெளிநாட்டில் கிடைக்கும் வட்டிக்கும் வாடகைக்கும், அது முதலில் வெளிநாட்டிலேயே கைக்கு வந்தால், இங்கே வரி கிடையாது. எஃப்சிஎன்ஆர், ஆர்எஃப்சி வட்டிக்கும் வரி கிடையாது. ஆனால் என்ஆர்இயிலிருந்து உள்நாட்டு டெபாசிட்டாக மாறிய 25 லட்சத்தின் வட்டிக்கு இந்தச் சலுகை இல்லை. ஒரே ஆளின் டாலர் வட்டிக்கு வரி இல்லை, ரூபாய் வட்டிக்கு உண்டு. வரிப் படிவம் நிரப்பும்போது இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஊரில் வழக்கமாக ரிட்டர்ன் போட்டுத் தருகிறவருக்கு இந்த இடைநிலை பழக்கமில்லாமல் இருக்கலாம். படிவத்தில் குடியிருப்பு நிலை என்ற கட்டத்தில் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி ஷார்ஜா பணம். இதை விமானம் ஏறுவதற்கு முன்பே ஒழுங்கு செய்திருப்பதுதான் சிறப்பு. அமீரகத்தில் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து வருஷத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். செல்வத்தின் அடிப்படைச் சம்பளம் 3,000 திர்ஹாம், அதாவது நாளுக்கு 100. முதல் ஐந்து வருஷத்துக்கு 10,500, அடுத்த ஒன்பது வருஷத்துக்கு 27,000, ஆக 37,500 திர்ஹாம். கையில் வாங்கும் மொத்தச் சம்பளத்தை வைத்து எதிர்பார்த்துவிட்டு ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் கம்பெனி இதைத் தர வேண்டும் என்பது அங்கத்திய சட்டம். சில கம்பெனிகள் ‘நீங்கள் ஊருக்குப் போங்கள், அங்கே அனுப்புகிறோம்’ என்பார்கள். அதற்குச் சம்மதிக்காமல் இருப்பது நல்லது. பணம் வராமல் போகும் ஆபத்து ஒருபுறம். நேராக இந்தியக் கணக்கில் வந்து விழுந்தால் ‘இந்தியாவில் பெறப்பட்ட வருமானம்’ என்ற வரிக் கேள்வி இன்னொரு புறம். முதலில் அங்குள்ள கணக்கில் வாங்கி, பிறகு இங்கே அனுப்பினால் அது சேமிப்பை இடம் மாற்றியது மட்டும்தான்.

சட்டப்படி அந்த ஷார்ஜா கணக்கை மூடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வெளிநாட்டில் இருந்தபோது சேர்த்த பணத்தையும் பங்குகளையும் வீட்டையும் ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே வைத்துக்கொள்ள ஃபெமா அனுமதிக்கிறது. சிக்கல் நடைமுறையில்தான். விசா ரத்தானதும் அமீரக அடையாள அட்டை செல்லாமல் போகிறது. அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லி வங்கி கேட்கும், கொடுக்க முடியாவிட்டால் கணக்கை முடக்கிவிடும். ஊரிலிருந்துகொண்டு ஓடிபி வராத பழைய சிம்மோடு அதைத் திறக்கப் பாடுபடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. கிரெடிட் கார்டு பாக்கி, கார் கடன் எதுவும் இல்லை என்ற கடிதத்தை வங்கியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருப்பதால், அதை டாலராக்கி அனுப்புவதில் விலை ஏறுமா இறங்குமா என்று காத்திருக்கத் தேவையில்லை. செல்வம் 73,450 திர்ஹாமை 20,000 டாலராக, அனுப்பும் செலவு போக, ஆர்எஃப்சிக்கு வரவைத்துவிட்டு மீதியை வீட்டுச் செலவுக்கு ரூபாயாக்கிக்கொள்ளலாம்.

அங்கே ஒரு கணக்கை விட்டுவைத்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் இடைநிலை முடியும் நாளைக் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர்களுடைய உலக வருமானம் முழுவதற்கும் இங்கே வரி உண்டு. வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது. ஷார்ஜா கணக்கில் 200 திர்ஹாம் தூங்கிக்கொண்டிருந்தாலும் அதில் எழுதியாக வேண்டும். காட்டாமல் விட்டதற்கு 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம் 10 லட்சம் ரூபாய் தண்டம் வைத்திருக்கிறது. வீடு, நிலம் தவிர்த்த சொத்துகள் மொத்தம் 20 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் அந்தத் தண்டத்திலிருந்து விலக்கு தந்திருக்கிறார்கள். எழுத வேண்டிய கடமை போகவில்லை. அமீரகம் உட்படப் பல நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களை இந்தியாவுக்குத் தாமாகவே அனுப்புகின்றன என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வளைகுடா திரும்பிகளில் பலர் ஒன்றிரண்டு வருஷத்தில் மறுபடியும் கிளம்புகிறார்கள். இங்கே தொடங்கிய தொழில் ஓடவில்லை, அல்லது பழைய முதலாளி கூப்பிடுகிறார். செல்வமும் 2027-இல் தோகாவுக்குப் போகிறார் என்று வையுங்கள். ஆர்எஃப்சியிலுள்ள அவருடைய டாலர்கள் மறுபடியும் என்ஆர்இ அல்லது எஃப்சிஎன்ஆர் ஆகலாம், வட்டிக்கு வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் வெளியே கொண்டுபோகலாம். அன்றைக்கு உள்நாட்டுச் சேமிப்பாகவும் டெபாசிட்டாகவும் மாற்றிய ரூபாயில் மிச்சம் இருப்பது என்ஆர்ஓவாகத்தான் மாறும். அது ஒரு காலத்தில் அவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணமே ஆனாலும், இனி அதன் வட்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள். வெளியே கொண்டுபோக வரிச் சான்றிதழ்களோடு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற வரம்புக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மறுபடி போகும் எண்ணம் கொஞ்சமாவது உள்ளவர்கள், அல்லது பிள்ளையை வெளிநாட்டில் படிக்கவைக்க நினைப்பவர்கள், அந்த அளவுக்காவது பணத்தை முதல் தடவையே ஆர்எஃப்சியில் நிறுத்துவது நல்லது. பக்கத்துக் கிளையில் அந்தக் கணக்கைப் பற்றித் தெரியாது என்றால், என்ஆர்ஐ பிரிவு உள்ள பெரிய கிளைக்குப் பாஸ்போர்ட், விசா ரத்துக் காகிதம், பான், ஆதார் ஆகியவற்றோடு போய்க் கேளுங்கள். அதுவரை என்ஆர்இ மாற்றப் படிவத்தில் கையெழுத்தை நிறுத்திவையுங்கள், ஆனால் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள்.